சரி என்று சொன்ன பிறகு சம்பளம் கூட்டிக் கேட்பது எப்படி?

*வணக்கம் அக்கா. எனக்கு ஊர் கோத்தகிரி. பி.காம். முடித்துவிட்டு குன்னூர்ப் பக்கம் ஒரு டீ பேக்டரியில் கிட்டத்தட்ட ஐந்து வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஊட்டி அருகே ஒரு ரிசார்ட்டில் சீனியர் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு இன்டர்வியூ போனேன். எச்.ஆர். மேடம் போனில் "வருஷத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம், ஓகேவா?" என்றார். மாதம் 35,000 வரும் என்று நினைத்து ஓகே சொல்லிவிட்டேன். நேற்று மெயிலில் ஆஃபர் லெட்டர் வந்தது. பின்னால் இருந்த சம்பளத் தாளைப் பார்த்தால் 35,000 எங்குமே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். ஒருமுறை ஓகே சொன்ன பிறகு கூட்டிக் கேட்டால் நன்றாக இருக்குமா? வேலையே போய்விடுமோ? மெயிலில் என்ன எழுதுவது? சம்பளத் தாளையும் என் இப்போதைய பே ஸ்லிப்பையும் அனுப்பியிருக்கிறேன்.*

*வாசகி, கோத்தகிரி*

அன்புள்ள தங்கைக்கு,

கேட்கலாம். கேட்கவும் வேண்டும். நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே மனசு கேட்கவில்லை. இந்த மலையில் ஹோட்டல்களுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் ஆள் எடுக்கும் வேலையை ரொம்ப வருடம் செய்தவள் நான். உங்களுக்கு வந்தது போன்ற லெட்டர்களை நானே நிறைய அடித்து அனுப்பியிருக்கிறேன். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்த 35,000 எங்கே போனது என்று பார்ப்போம். மேடம் போனில் சொன்ன 4,20,000 சி.டி.சி. சி.டி.சி. என்பது உங்கள் சம்பளம் இல்லை. உங்களை வேலையில் வைத்திருக்க கம்பெனிக்கு ஒரு வருடத்தில் ஆகும் மொத்தச் செலவு அது. உங்கள் தாளில் பேசிக் 17,500, வீட்டு வாடகைப் படி 7,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 4,358. இந்த மூன்றும் சேர்ந்த 28,858 ரூபாய்தான் மாத கிராஸ். அதற்குக் கீழே நான்கு வரிகள் இருக்கின்றன. கம்பெனி உங்கள் கணக்கில் கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது 842, மெடிக்கல் இன்சூரன்ஸ் 500, வேரியபிள் பே 3,000. எல்லாம் கூட்டினால்தான் 35,000. கிராஸிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போனால் மாதாமாதம் கைக்கு வருவது 27,058. தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியாகப் போகும்.

பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் மூன்றையும் குறை சொல்ல மாட்டேன். எல்லா இடத்திலும் சி.டி.சி.க்குள் வைப்பார்கள், ஏதோ ஒரு நாள் அவை உங்களுக்குப் பயன்படும். கண் போகவேண்டிய இடம் வேரியபிள் பே. வருடத்துக்கு 36,000. அதற்கு எதிரே சின்ன எழுத்தில் "நிறுவனத்தின் செயல்பாட்டையும் நிர்வாகத்தின் முடிவையும் பொறுத்தது" என்று இருக்கிறது. சமவெளியில் உள்ள கம்பெனி என்றால்கூடப் பரவாயில்லை. நம் ஊர் ரிசார்ட்டின் செயல்பாடு என்பது ரூம் எத்தனை நாள் நிரம்பியது என்பதுதான். மே மாத சீசனில் நிரம்பும். ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டால், மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மண்சரிவு போதும், புக்கிங் எல்லாம் கேன்சல் ஆகும். 2024 மே 7 முதல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு வந்துவிட்டது. வரவு செலவு எழுதும் நீங்கள் எவ்வளவு நன்றாக உழைத்தாலும் இதில் ஒன்றைக்கூட மாற்ற முடியாது. விற்பனையில் இருப்பவருக்கு வேரியபிள் பே வைப்பதில் நியாயம் இருக்கிறது. அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு அது மழையை நம்பி எழுதிய சீட்டு.

இதில் நான் பட்டதும் உண்டு. வேலைக்கு வந்த புதிதில் ஒரு ஹோட்டலில் ஆகஸ்ட் மாதம் சேர்ந்தேன். என் லெட்டரிலும் இப்படி ஒரு வரி இருந்தது. அடுத்த ஏப்ரலில் போய்க் கேட்டபோது, ஏப்ரல் முதல் மார்ச் வரை முழு வருடம் வேலை செய்தவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். லெட்டரில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனால் எட்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டுத் தருவோம் என்றும் எழுதியிருக்கவில்லை. அன்றிலிருந்து எந்த லெட்டரைப் பார்த்தாலும் உறுதியாக வரும் பணத்தைத் தனியாகக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வரிகளுக்குப் போவேன்.

உங்களுக்கும் அதையே செய்து பார்த்தேன். பே ஸ்லிப்படி இப்போது உங்கள் கிராஸ் 26,300, பி.எஃப். போக கைக்கு 24,500. ஒவ்வொரு தீபாவளிக்கும் 20,000 போனஸ் வருகிறது என்று பே ஸ்லிப்பின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பேக்டரியில் உங்களுக்கு உறுதியாக வருவது வருடத்துக்கு 3,15,600, அதோடு 20,000, மொத்தம் 3,35,600. ரிசார்ட்டில் வேரியபிளை விட்டுவிட்டால் 28,858ஐப் பன்னிரண்டால் பெருக்கி 3,46,296. வித்தியாசம் 10,696 ரூபாய். மாதத்துக்கு 900கூட இல்லை.

எச்.ஆர். மேடத்தின் கண்ணுக்கு இது இப்படித் தெரியாது. உங்கள் பே ஸ்லிப்பில் இருக்கும் 26,300ஐயும் தாங்கள் போட்ட 35,000ஐயும் ஒப்பிட்டு, முப்பது சதவீதத்துக்கு மேல் கொடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். அவர் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போனஸ் விஷயம் பே ஸ்லிப்பில் கிடையாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும். ஒரு பக்கம் கிராஸையும் மறுபக்கம் சி.டி.சி.யையும் வைத்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் தினமும் நடக்கிற தவறு. நானும் செய்திருக்கிறேன்.

போனில் ஓகே சொல்லிவிட்டோமே என்ற உறுத்தலுக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. நீங்கள் ஓகே சொன்னது ஒரு மொத்தத் தொகைக்கு. அதன் பிரிப்பு எழுத்தில் வந்தது நேற்றுதான். முன்னால் தெரியாத ஒரு விவரம் இப்போது தெரிந்திருக்கிறது, அதை வைத்து மறுபடி பேசுவதில் வாக்கு மீறல் எதுவும் இல்லை. ஆனால் மெயிலில் அந்த ஓகேயை மறைக்கக் கூடாது. நீங்களே முதலில் ஒத்துக்கொண்டுவிடுங்கள். சொல்லாமல் விட்டால் மேடம் அதைத்தான் முதல் பதிலாக எடுத்து நீட்டுவார்.

அடுத்தது, எவ்வளவு கேட்பது. நிறையப் பேர் சி.டி.சி.யைக் கூட்டித் தாருங்கள், 4.8 லட்சம் வேண்டும் என்று எழுதுவார்கள். அப்படிக் கேட்டால் அதுவே கிடைத்தாலும் கூடிய பணத்தில் பாதி வேரியபிளிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் கேட்கவேண்டியது மாத கிராஸ். என் கணக்குப்படி வேரியபிள் பே இல்லாமல் கிராஸ் 33,000 கேளுங்கள். அது ஏன் 33,000 என்றால், வருடத்துக்கு 3,96,000 வருகிறது. இப்போது உறுதியாக வரும் 3,35,600ஐவிடப் பதினெட்டு சதவீதம் அதிகம். வேலை மாறுகிறவர், அதுவும் சீனியர் என்ற பொறுப்புக்குப் போகிறவர், கேட்கும் நியாயமான அளவுதான் இது.

இதே 33,000 கம்பெனி பக்கம் எப்படித் தெரியும் என்று பாருங்கள். கிராஸ் 33,000, பி.எஃப். 1,800, கிராஜுவிட்டி 842, இன்சூரன்ஸ் 500, மொத்தம் மாதம் 36,142. வருடத்துக்கு 4,33,704. ஏற்கெனவே ஒதுக்கிய 4,20,000ஐவிட வெறும் 13,704 ரூபாய்தான் கூடுகிறது. உங்கள் கைக்கோ மாதம் 27,058க்குப் பதில் 31,200 வரும். கம்பெனி பார்வையில் சின்னத் தொகை, உங்கள் வீட்டுக்குப் பெரிய தொகை. எப்படி என்றால், கூடுகிற பணத்தில் பெரும்பகுதி அவர்கள் ஏற்கெனவே எழுதிவைத்த 36,000தான். வரலாம் என்றிருந்த பணத்தை மாதாமாதம் வரும் பணமாக மாற்றச் சொல்கிறோம். அதற்காக, நல்ல வருடத்தில் வந்திருக்கக்கூடிய 36,000ஐ நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதும் உண்மை. யோசித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் யோசிக்காமல் விட்டுக்கொடுப்பேன்.

மனதுக்குள் இன்னொரு எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள், மெயிலில் எழுதவேண்டாம். எந்தத் தொகைக்குக் கீழே போனால் பேக்டரியிலேயே இருந்துவிடுவீர்கள்? எனக்குத் தோன்றுவது கிராஸ் 31,000. உங்கள் வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் மெயில் அனுப்பும் முன்னால் முடிவு செய்துவிடுங்கள். பதில் வந்த பிறகு முடிவு செய்ய உட்கார்ந்தால் எதைக் கொடுத்தாலும் சரி என்றுதான் வாயில் வரும், போனில் வந்த மாதிரியே.

உங்கள் மெயிலுக்கு என்ன நடக்கும் என்று ஒரு காட்சி சொல்கிறேன், இதைப் பல தடவை கண்ணால் பார்த்தவள். எச்.ஆர்.க்குத் தன் இஷ்டத்துக்குச் சம்பளம் கூட்டும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. உங்கள் மெயிலை அப்படியே ஜெனரல் மேனேஜருக்கோ முதலாளிக்கோ ஃபார்வர்டு செய்வார். முதலாளி கோயம்புத்தூரிலிருந்து மேலே வரும் காரில் இருப்பார், போனில் திறந்து மேலிருந்து கீழே ஒரு தள்ளு தள்ளிவிட்டு எச்.ஆர்.ஐக் கூப்பிட்டு, "மொத்தம் எவ்வளவும்மா கூடுது?" என்று கேட்பார். வேறு எதுவும் கேட்க மாட்டார். "வருஷத்துக்குப் பதிமூணாயிரத்து எழுநூறு சார்" என்று அந்த நொடியே பதில் வந்தால், "சரி, போட்டுக் கொடுத்துடு" என்பதற்கு வாய்ப்பு அதிகம். "பார்த்துச் சொல்றேன் சார்" என்றால் விஷயம் அடுத்த வாரத்துக்குப் போய்விடும். ஆகவே அந்தப் பதில் உங்கள் மெயிலிலேயே தயாராக இருக்கவேண்டும். மெயிலைப் படிப்பவர் வேறு, முடிவெடுப்பவர் வேறு. இருவருக்கும் சேர்த்து எழுதுங்கள்.

நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். வாக்கியங்களின் வரிசை புரிவதற்காகத் தமிழில் தருகிறேன். லெட்டர் வந்த அதே மெயிலுக்கு ரிப்ளையாக அனுப்புங்கள்.

> மதிப்பிற்குரிய மேடம்,
>
> ஆஃபர் லெட்டர் கிடைத்தது, மிக்க நன்றி. உங்கள் ரிசார்ட்டில் சேர்ந்து பணியாற்ற விரும்புகிறேன்.
>
> போனில் பேசியபோது வருடத்துக்கு 4,20,000 ரூபாய்க்குச் சம்மதம் சொன்னேன். அதில் 36,000 வேரியபிள் பே என்பதைச் சம்பளத் தாளைப் பார்த்த பிறகுதான் அறிந்தேன். அதுவும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸும் நீங்கலாக, மாத கிராஸாக உறுதியாக வரும் தொகை வருடத்துக்கு 3,46,296. இப்போதைய வேலையில் தீபாவளி போனஸ் உட்பட எனக்கு வருவது 3,35,600. போனஸ் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட் பக்கத்தை இணைத்திருக்கிறேன்.
>
> ஆகவே வேரியபிள் பேயை மாதச் சம்பளத்திலேயே சேர்த்து, மாத கிராஸை 33,000 ரூபாயாக மாற்றித் தர முடியுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறேன். மற்ற வரிகள் இப்போது உள்ளபடியே இருந்தால் மொத்த சி.டி.சி. 4,33,704 ஆகும். இது தற்போதைய ஆஃபரைவிட வருடத்துக்கு 13,704 ரூபாய் அதிகம்.
>
> திருத்திய லெட்டர் கிடைத்த அன்றே கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்வது சிரமம் என்றால், ஆஃபரின் கடைசித் தேதியை அடுத்த புதன்கிழமை வரை நீட்டித்து ஒரு வரி அனுப்பினால் உதவியாக இருக்கும்.
>
> நன்றியுடன்...

இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வரிகூடச் சேர்க்கவேண்டாம். முக்கியமாக வீட்டுக் கஷ்டம், தம்பி படிப்பு, கடன் எதையும் எழுதாதீர்கள். படிக்கும் எச்.ஆர்.க்கு மனசு இளகலாம், ஆனால் அந்தக் காரணத்தை முதலாளியிடம் எடுத்துப் போக அவரால் முடியாது. வேறு கம்பெனியிலும் ஆஃபர் இருக்கிறது என்று இல்லாததைச் சொல்லவும் கூடாது. நீலகிரி சின்ன ஊர். குன்னூர் அக்கவுண்டன்ட் ஒருவருக்கு ஊட்டி ஹோட்டல் ஒவ்வொன்றிலும் தெரிந்த ஆள் இருப்பார், ஒரு போனில் தெரிந்துவிடும். "32 முதல் 35 வரை" என்று இரண்டு எண் போட்டுக் கேட்பதும் வேண்டாம். 32 என்று நீங்களே முடிவு செய்துகொடுத்ததாக ஆகிவிடும்.

ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும். "33,000 தந்தால் மட்டுமே சேருவேன்" என்று எழுதவே கூடாது. இது மரியாதைக்காகச் சொல்வதில்லை. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஒரு ஆஃபரை ஏற்பதென்றால் நிபந்தனை எதுவும் வைக்காமல் முழுதாக ஏற்கவேண்டும் என்கிறது. நிபந்தனை வைத்து ஏற்றால் அது ஏற்றதாகாது, நீங்கள் புதிதாக ஓர் ஆஃபர் கொடுத்ததாகத்தான் ஆகும். பழைய ஆஃபரை நீங்களே தள்ளிவிட்டதாகவும் அவர்கள் சொல்லலாம். "முடியுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறேன்" என்பது வெறும் விசாரிப்பு. அப்படிக் கேட்கும்போது, அவர்களாகத் திரும்ப வாங்காதவரை, கையிலிருக்கும் 4,20,000 ஆஃபர் வெள்ளிக்கிழமை வரை அப்படியே உயிரோடு இருக்கும். அவர்கள் முடியாது என்றால் அதையே ஏற்கும் வழி உங்களுக்குத் திறந்திருக்கும். சிலர் லெட்டரைப் பிரின்ட் எடுத்து, 28,858ஐப் பேனாவால் அடித்து மேலே 33,000 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாளை என்ன செய்வது என்று எங்களுக்கே தெரியாது, நேராகக் குப்பைக் கூடைக்குப் போய்விடும். அதேபோல முதலில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். கையெழுத்து வந்துவிட்டால் எச்.ஆர்.க்கு அந்த ஃபைல் முடிந்த ஃபைல்.

வேலையே போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். இப்படி ஒருமுறை, மரியாதையாக, கணக்கோடு கேட்டதற்காக யாருடைய ஆஃபரையும் நான் திரும்ப வாங்கியதில்லை, என் கூட வேலை பார்த்தவர்கள் வாங்கியும் பார்த்ததில்லை. இன்டர்வியூ எடுத்து, மூன்று பேரில் உங்களைத் தேர்ந்தெடுத்து, பழைய கம்பெனியில் விசாரித்து முடித்த பிறகு மறுபடி முதலிலிருந்து ஆள் தேடுவதை எந்த எச்.ஆர்.உம் விரும்ப மாட்டார். அதுவும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடத் தெரிந்து இந்தக் குளிரிலும் மழையிலும் நிலைத்து நிற்கிற அக்கவுண்ட்ஸ் ஆள் மலையில் லேசில் கிடைப்பதில்லை, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். ஆனால் எடுத்துவிடவே மாட்டார்கள் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே பேக்டரியில் ரெசிக்னேஷன் பேச்சை இப்போது எடுக்கவே கூடாது. போனில் "லெட்டர் வந்துடும், நீங்க பேப்பர் போட்டுடுங்க" என்று சொன்னதை நம்பி வேலையை விட்டுவிட்டு, வராத லெட்டருக்காக ஒரு சீசன் முழுக்கக் காத்திருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். திருத்திய லெட்டர் மெயிலில் வரவேண்டும், நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும், கிடைத்தது என்று அவர்கள் பதில் எழுதவேண்டும். அப்புறம்தான் ரெசிக்னேஷன்.

மெயிலை நாளைக் காலையில் அனுப்பிவிடுங்கள். வியாழன் சாயந்திரம் வரை வைத்திருந்தால் மேலே ஃபார்வர்டு செய்து பதில் வாங்க அவருக்கு நேரம் இருக்காது, முடியாது என்று சொல்வதுதான் சுலபமாக இருக்கும். அனுப்பிவிட்டு, "மேடம், மெயில் போட்டிருக்கேன், பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று வாட்ஸாப்பில் ஒரு வரி போடலாம். தொகையைப் பற்றி அங்கே எதுவும் எழுதவேண்டாம்.

அவர் பெரும்பாலும் போனில்தான் கூப்பிடுவார். முன்னே சரி என்றது போல இந்தத் தடவையும் உடனே சரி என்றுவிடாதீர்கள். "ஏற்கெனவே முப்பது பர்சென்ட்டுக்கு மேல கொடுத்திருக்கோமே" என்பார். "வேரியபிள், பி.எஃப். எல்லாம் சேர்த்துப் பார்த்தா அப்படித் தெரியுது மேடம். என் போனஸையும் சேர்த்து, கைக்கு நிச்சயமா வர்றதை மட்டும் பார்த்தா மூணு பர்சென்ட்தான் கூடியிருக்கு" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அமைதி சங்கடமாக இருக்கும், அதை நிரப்ப நீங்களே தொகையைக் குறைத்துச் சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள், அடுத்து பேசவேண்டியவர் அவர். எந்தத் தொகை சொன்னாலும் "யோசிச்சு இன்னைக்கே மெயில் போடறேன் மேடம்" என்று வையுங்கள். பிறகு பேசியதை நீங்களே இரண்டு வரி மெயிலாக அனுப்பிவிடுங்கள்.

31,500, 32,000 என்று இடையில் ஏதாவது வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டாம் முறை பேரம் பேசவேண்டாம். மாதச் சம்பளத்தில் கைவைக்க முடியாது, இந்தப் பதவிக்கு இவ்வளவுதான் என்று நிர்வாகம் வைத்திருக்கிறது என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். அதே பதவியில் ஏற்கெனவே இருப்பவரைவிட உங்களுக்குக் கூடப் போட்டால் அவர்களுக்கு உள்ளே தலைவலி. அப்போது வேறு இரண்டு கதவுகளைத் தட்டிப் பாருங்கள். ஒன்று, தீபாவளிக்கு முன்னால் பேக்டரியை விட்டு வருவதால் இந்த வருடம் 20,000 போனஸ் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம், அதை ஒருமுறை தரும் ஜாயினிங் போனஸாகக் கேட்கலாம். மாதச் சம்பளத்தைத் தொடாததால் இதற்கு ஒத்துக்கொள்வது அவர்களுக்கு எளிது. ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் திருப்பித் தரவேண்டும் என்ற வரி கூடவே வரும், பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, முதல் வருடத்துக்கு மட்டும் அந்த 36,000ஐ உறுதியான தொகையாக, சேர்ந்த மாதத்திலிருந்து கணக்கிட்டுத் தருவதாக லெட்டரில் எழுதச் சொல்லலாம். எட்டு மாதம் வேலை செய்து நான் வெறுங்கையோடு நின்றதைச் சொன்னேனே, அது உங்களுக்கு நடக்கக் கூடாது.

"சேருங்க, ஆறு மாசம் கழிச்சுப் பார்த்துச் செய்யறோம்" என்பது இந்த ஊரில் அடிக்கடி வரும் பதில். எந்த மாதம், எவ்வளவு என்று லெட்டரில் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தால் பூஜ்யம் என்று கணக்கு வைத்து உங்கள் 31,000ஓடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து அதே எச்.ஆர். அங்கே இருப்பாரா என்பதே தெரியாது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் "கிட்டத்தட்ட ஐந்து வருடம்" என்ற வார்த்தை கண்ணில் பட்டது. பேக்டரியில் சேர்ந்த தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தொடர்ந்து ஐந்து வருடம் முடித்தால் பேக்டரி உங்களுக்குக் கிராஜுவிட்டி தரவேண்டும். கடைசியாக வாங்கிய பேசிக்கைப் பதினைந்தால் பெருக்கி, இருபத்தாறால் வகுத்து, வருடங்களால் பெருக்குவது கணக்கு. உங்கள் பே ஸ்லிப்பில் பேசிக் 15,000. ஐந்து வருடத்துக்கு 43,269 ரூபாய் வருகிறது. ரிசார்ட்டில் நாம் கேட்கப் போராடும் 13,704ஐவிட மூன்று மடங்கு. நாலு வருடமும் 240 நாளும் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லிப் பணம் வாங்க லேபர் ஆபீஸ் வரை அலையவேண்டி வரலாம். சில வாரம்தான் குறைகிறது என்றால், ஐந்து வருடம் முடிந்த மறுநாளுக்குப் பிறகு ஒரு தேதியை ஜாயினிங் டேட்டாகக் கேளுங்கள். நோட்டீஸ் பீரியடும் அதற்குள் கழிந்துவிடும். சம்பளம் கேட்கும் மெயிலில் இதைச் சேர்க்கவேண்டாம். சம்பளத்துக்குப் பதில் வந்த பிறகு, திருத்திய லெட்டர் அடிக்கும் முன்னால், தனியாக ஒரு வரியில் கேட்டால் போதும். தேதி மாற்றுவதற்கு யாரும் முதலாளியைக் கூப்பிடவேண்டியதில்லை, பெரும்பாலும் எச்.ஆர். தானே மாற்றிக் கொடுத்துவிடுவார்.

திருத்திய லெட்டர் வந்ததும் முதல் பக்கத்து வாழ்த்தைப் படிப்பதற்கு முன்னால் கடைசிப் பக்கத்துச் சம்பளத் தாளைத் திறங்கள். கிராஸ் என்ற வரியில் பேசிய தொகை இருக்கவேண்டும், வேரியபிள் பே என்ற வரி இருக்கக் கூடாது, ஜாயினிங் டேட் மாறியிருக்கவேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா